நாங்கள் என்று சொன்ன மரம்

கவிதையை வாசித்து முடித்ததும் ஒன்பது பேர் அதன் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அதுதான் நடந்த கோளாறு.

ஒன்பதாவது ஆள் கையெழுத்தோடு நிற்கவில்லை. ‘பரிந்துரைக்கிறேன்’ என்றும் எழுதி, தேதியும் போட்டிருந்தார்.

எழுதியவர் வீரபத்திரன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. தொழிற்சங்கத்துக்கு இருபத்தாறு வருடம் செயலாளர். கோரிக்கை, கண்டனம், வரவேற்பு, இரங்கல் எல்லாம் அவர் கைதான். தனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை.

அந்த ஊர் இயற்கை மன்றம் மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு மரத்தடியில் கூடும். இந்த முறை கச்சேரித் தெருவில் நிற்கும் கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம். கோர்ட்டு, பத்திர ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, டீக்கடை எல்லாம் முட்டி மோதும் தெரு. மரமே பேசுவதுபோல் ஒரு கவிதை வேண்டும் என்றார் மன்றத் தலைவர் லியாகத் அலி. ஓமியோபதி டாக்டர். வீரபத்திரன் கையைத் தூக்கினார்.

செயற்குழுவில் நகல் கொடுத்து வாசித்தார். நகல் சுற்றி வந்தபோது ஒன்பது கையெழுத்து இருந்தது.

லியாகத் அலி நல்ல மனிதர். அதனால் சிரிக்கவில்லை. மூன்று வாரம் இருக்கிறது, திருத்திக்கொண்டு வாருங்கள், சரிப்படாவிட்டால் கவிதையை விட்டுவிட்டு வினாடி வினா வைத்துக்கொள்ளலாம் என்றார்.

வீரபத்திரன் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்த ஒன்றாவது தன் குரலில் வர வேண்டும். வராவிட்டால் தனக்கென்று குரல் ஒன்று கிடையாது என்று அர்த்தம். அப்படித்தான் அவருக்குப் பட்டது.

சகாயராணியைத் தேடிப் போனார்.

மரத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருந்தவள் அவள். நாற்பத்து மூன்று வயது. பகலெல்லாம் மனு அடிப்பாள், ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுப்பாள். இதற்கு நடுவில் இரண்டு கவிதைப் புத்தகம் போட்டிருந்தாள். ஒன்றில் கிணறு பேசும். இன்னொன்றில் மீன்கூடை பேசும். ஊரில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலர். படித்தவர்கள் அவளிடம் கொஞ்சம் பயத்தோடு பேசினார்கள்.

“அம்மா, நாங்க ஒரு கவிதை விஷயமா வந்திருக்கோம்” என்றார் வீரபத்திரன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டீக்கடைக்குக் குரல் கொடுத்தாள். இரண்டு டீ வந்தது. இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

“உங்களுக்கு?”

“எனக்கு வேண்டாம். இன்னொருத்தர் எங்க?”

“யாரு?”

“நாங்கன்னீங்களே.”

வீரபத்திரன் இரண்டு டீயையும் குடித்தார். வேறு என்ன செய்வது.

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். ‘தூங்குமூஞ்சி மரங்களாகிய நாங்கள், கடந்த எழுபது ஆண்டுகளாகக் கச்சேரித் தெருவில் நிழல் வழங்கி வருகிறோம்’ என்று ஆரம்பித்தது. ‘எங்களை ஆணி அடித்துத் துன்புறுத்துவோரை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று நடுவில் இருந்தது.

மேசையில், யாரோ ஆர்டர் கொடுத்த ஸ்டாம்ப் ஒன்று கிடந்தது. அதை எடுத்தாள். ஸ்டாம்ப் பேடில் ஒற்றினாள். கவிதையின் தலையில் ஓங்கி ஒரு குத்து.

‘பெறப்பட்டது.’

“ஒரு நாளைக்கு நாப்பது மனு அடிக்கிறேன் சார். மரமுமா மனுப் போடணும்?”

“குறை எங்கேன்னு சொன்னா...”

அவள் எதிரே கையைக் காட்டினாள். “எத்தனை மரம் நிக்குது?”

“ஒண்ணு.”

“சரி. போய்ட்டு வாங்க.”

வீரபத்திரன் வீட்டுக்குப் போய் நாங்கள் எல்லாவற்றையும் நான் ஆக்கினார். ஒரு மணி நேர வேலை. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷம்கூட வந்தது.

மறுநாள் அவள் முதல் வரியிலேயே நின்றாள்.

“‘நான் நிற்கிறேன்.’ நிக்கிறது யாரு?”

“நான். அதாவது, மரம்.”

“‘நிற்கிறேன்’னு மட்டும் சொன்னா யாரு?”

“அப்பவும் அதேதான்.”

“அப்ப முன்னாடி எதுக்கு அது? மைக் பிடிச்சிக்கிட்டா நிக்குது?”

பேனாவை நீட்டினாள். அவரே அடிக்க வேண்டும் என்று அர்த்தம். அடித்தார். வரிக்கு வரி நான் உட்கார்ந்திருந்தது. அடித்து முடித்தபோது கவிதை மெலிந்துபோயிருந்தது. ஆனால் பேசுவது யார் என்பதில் ஒரு குறையும் வரவில்லை. வினையின் வாலிலேயே அந்த ஆள் இருந்தான்.

அவள் மேலே படித்தாள். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் நடப்பட்டேன்.’

“ஐம்பதுன்னு மரத்துக்கு யார் சொன்னது?”

வீரபத்திரன் அந்த வரியை அடித்தார்.

‘தூங்குமூஞ்சி என்பார்கள் என்னை.’

“அது காதுல விழுந்துச்சா?”

அந்த வரியும் போயிற்று.

‘ஆணியையும் சுமந்துகொண்டு வானுக்கு உயர்ந்தேன்.’

இந்த இடத்தில் அவள் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த ஆளுடைய மனுவை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வீரபத்திரன் தொண்டையைக் கனைத்தார்.

“கண்ணை எடுங்க” என்றாள் திரும்பாமல். “காதை எடுங்க. காலண்டரை எடுங்க. மிச்சம் என்ன இருக்கோ அதை எழுதுங்க.”

“எல்லாத்தையும் எடுத்துட்டா என்னம்மா இருக்கும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

கவிதை எழுதக் கற்றுக்கொடு என்றால் இப்படி ஆளைச் சுற்றலில் விடுகிறாளே என்று வீரபத்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்தார். ரோட்டைக் கடந்து மரத்தடியில் போய் நின்றார். வேறு போக்கிடம் இல்லை.

நின்றவர் பார்க்காததெல்லாம் பார்த்தார்.

நோட்டரி வக்கீல் ஒருவரின் தகரப் பலகை மரத்தில் இருந்தது. அது அடிக்கப்பட்ட நாள் அவருக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. இன்றைக்கும் நெஞ்சுக்கு நேரேதான் இருந்தது. மரம் நுனியில்தான் வளர்கிறது. அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கிறது. மரம் ஆணியைச் சுமந்து உயரவில்லை. பருத்து, பட்டையால் ஆணியின் தலையை விழுங்கி, பலகையின் ஓரத்தையும் மெல்ல ஆரம்பித்திருந்தது. வக்கீலின் பட்டத்தில் கடைசி எழுத்து உள்ளே போய்விட்டது.

அடியைச் சுற்றி சிமென்ட். சிமென்ட்டைத் தாண்டித் தார். ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மண். பக்கத்தில் சாக்கடை வெடித்திருந்தது. வெடித்ததல்ல. வேர் உள்ளே போயிருக்கிறது.

பஸ் ஒன்று போயிற்று. மரத்தில் கை வைத்திருந்தார். உள்ளங்கையில் அதிர்ந்தது.

அப்படி இப்படி என்று நாலு நாள் நின்றார். கோர்ட்டுக்கு வந்தவர்கள் அவரை வாய்தாவுக்கு வந்தவர் என்று நினைத்தார்கள். ஒருவர் எந்தக் கேஸ் என்றே கேட்டார். வெளிச்சம், தண்ணீர், பாரம், காயம், அதிர்வு. மரத்துக்கு மிச்சம் அதுதான். அதை வைத்து எழுதினார்.

சகாயராணி படித்தாள். முதல் தடவையாக முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு வரியில் விரலை வைத்தாள். ‘இருட்டும்போது இலையை மடிக்கிறேன். இருட்டு முழுசாக வருவதில்லை.’ தெருவிளக்கு என்ற வார்த்தை அதில் இல்லை. இருந்தும் தெருவிளக்கு எரிந்தது.

“வாய்விட்டு வாசிங்க.”

வாசித்தார். சங்க மேடையில் வாசித்த பழக்கம். வரி முடியும் இடத்தில் குரல் ஏறியது. கைதட்டுக்கு இடம் விட்டு நிறுத்தினார்.

“யாரு தட்டப் போறா?” என்றாள். “மரம் எங்க நிறுத்துமோ அங்க வரியை ஒடிங்க. உங்களுக்கு மூச்சு வாங்குற இடத்துல இல்ல.”

ஒடித்தார். சில வரிகளில் இரண்டு வார்த்தைதான் தங்கியது.

பிறகு அவள் முதல் வரிக்கு மேலே இருந்ததைப் பார்த்தாள். ‘மனிதர்களே!’

எழுந்து வாசலுக்குப் போனாள். தெருவைப் பார்த்து, நல்ல உரத்த குரலில், “மனிதர்களே” என்றாள்.

தெரு நிறைய மனிதர்கள். ஒருவரும் திரும்பவில்லை.

“ஷேக்கு அண்ணே” என்றாள்.

டீக்கடைக்காரர் திரும்பினார். எத்தனை என்று விரலால் கேட்டார்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பாடம் முடிந்தது.

வீரபத்திரனுக்கு இது புரிந்தது. புரிந்ததுதான் தொந்தரவாகப் போயிற்று.

மரம் யாரோடு பேசுகிறது? நிழலில் நிற்கிற ஆயிரம் பேரை அதற்குத் தெரியாது. ஆணி அடித்தவன் ஒரு தடவை வந்தான், போனான். திரும்பத் திரும்ப வந்தவன் யார்?

தெரியும். முதல் நாளே தெரியும். அதை மறைக்கத்தான் நாங்கள் நாங்கள் என்று எழுதியிருந்தார் போலிருக்கிறது.

பத்தொன்பது வருடம், ஒவ்வொரு வருடமும் ஆடிக்காற்றுக்கு முன்னால், ஆனி மாதத்தில், மின்கம்பி போகிற பக்கத்துக் கிளைகளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டவர் அவர்தான். கரண்டை நிறுத்தியதும் வயர்மேன் ஏறுவான். வீரபத்திரன் கீழே நிற்பார். மோதிரம் போட்ட கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, அதை எடு, இதை எடு என்பார். வெட்டாமல் விட்டால் கம்பி அறுந்து தெருவில் விழும். ஆள் சாவான். வேலையில் தப்பில்லை. இருந்தாலும் மரம் ஒரு பக்கம் மொட்டையாகத் தெற்கே சாய்ந்து நின்றது.

இயற்கை மன்றத்தில் யாருக்கும் அவர் இதைச் சொன்னதில்லை.

அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, மன்றத்தில் என்ன நினைப்பார்கள் என்றார்.

“அதெல்லாம் மன்றத்தோட பாடு. மரம் ஏன் இன்னைக்குப் பேசுது? எழுபது வருசமா சும்மாதானே நின்னுச்சு?”

வீரபத்திரன் எதிரே மரத்தைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் மூன்று பேர் மனுவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பொறுக்க முடியாமல், சீக்கிரம் சொல்லுங்க சார் என்றார்.

“இந்த வாரம் நாலு நாள் கை வெச்சிக்கிட்டு நின்னேன்” என்றார் வீரபத்திரன். “யாரும் ஏறலை.”

சகாயராணி ஒரு புதுக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் போட்டாள். அங்கேயே, மனுக்காரர்கள் மத்தியிலேயே உட்கார்ந்து எழுதினார்.

ஏறுகிறவன் பாதம் தெரியும்.
வலது முதலில்.
கவட்டில் ஊன்றி, கொஞ்சம் நடுங்கும்.

உன் பாதம் தெரியாது.
உள்ளங்கை தெரியும்.
ஒரு விரலில் மட்டும்
இரும்பு மாதிரி ஒன்று குளிரும்.

கை வைப்பாய்.
பிறகு மேலே ஒரு பாரம் ஏறும்.
பிறகு ஒரு பக்கம்
பாரம் இறங்கும்.

வெளிச்சம் திடீரென்று
பழக்கமில்லாத இடத்தில் விழும்.

இருட்டும்போது இலையை மடிக்கிறேன்.
இருட்டு முழுசாக வருவதில்லை.
தண்ணீரைத் தேடிப் போனேன்.
அது அழுக்காக இருந்தது. குடித்தேன்.
நெஞ்சில் குத்தியதை
வெளியே தள்ளத் தெரியாமல்
உள்ளே வைத்துக்கொண்டேன்.

இன்றும் கை வைத்தாய்.
நேற்றும்.
யாரும் ஏறவில்லை.

எதற்கு வந்தாய்?

இருந்தாலும்
உன்னை மன்னிக்கிறேன்.

மனுவுக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துப் படித்தார். கையெழுத்துக்குப் பேனா தேடவில்லை.

சகாயராணி இரண்டு தரம் படித்தாள்.

“கடைசி வரி பொய்.”

“என்னம்மா பொய்?”

“அது உங்களுக்கு வேணும்ங்கறதுக்காகச் சொல்லுது. மரத்துக்கு வேணும்னு சொல்லலை.”

“சரி. என்ன போடலாம்?”

“எனக்குத் தெரியாது.”

“உங்களுக்கா தெரியாது?”

“நான் மரம் வெட்டினதில்லை சார்” என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீரபத்திரன் கோபமாக வெளியேறினார். இத்தனை நாள் இழுத்தடித்துவிட்டு, கரையேறும் நேரத்தில் கையை விரிக்கிறாள். வீட்டில் போய் மன்னிப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ‘உன்னை மன்னிக்க மாட்டேன்’ என்று ஒன்று. கண்டனத் தீர்மானம் போல இருந்தது. ‘நீ என் நண்பன்’ என்று ஒன்று. அதைப் படித்து அவருக்கே கூசியது. ‘நன்றி’ என்று ஒன்று. நன்றி போட்டதும் இப்படிக்கு என்று எழுதக் கை பரபரத்தது. கிழித்துப் போட்டார்.

சனிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் கூட்டம். லியாகத் அலி போன் செய்து, கேள்வித்தாளைத் தயாராக வைத்துக்கொள்ளட்டுமா என்று பட்டும் படாமலும் கேட்டார். வீரபத்திரனுக்கு நன்றாகவே பட்டது.

காலை பத்து மணிக்குக் கச்சேரித் தெருவில் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. மரத்தடியில் வாரியத்து ஏணி சாத்தியிருந்தது. மேலே கவட்டில் ஒருவன் நின்று அரிவாளை வீசிக்கொண்டிருந்தான். கீழே நின்று உத்தரவு போடப் புது இன்ஸ்பெக்டர் இல்லை. அவர் டீக்கடையில் போனில் இருந்தார்.

“யாருப்பா அது மேல?”

“நான்தான் சார். சொகமா இருக்கீங்களா?”

பழைய ஆள்தான். வீரபத்திரன் காலத்திலிருந்து இந்த மரத்தில் ஏறுகிறவன். ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருடம் பாக்கி. இறங்கச் சொன்னார். இறங்கினான். கால் கொஞ்சம் நடுங்கியது.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வீரபத்திரன் நேராகவே கேட்டுவிட்டார். இத்தனை வருடம் வெட்டியிருக்கிறோமே, இந்த மரம் நம்மை மன்னிக்குமா என்றார்.

வயர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். சுகர் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டான். அவர் முகம் மாறாததைக் கண்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே கையைக் காட்டினான்.

“மன்னிக்கிறதா? போன வருசம் அந்த முண்டுல ஒரு கெளைய எடுத்தேன். இப்பப் பாருங்க. வெட்டுன வாயிலயே நாலு விட்டிருக்கு. நாலையும் எடுத்தா அடுத்த வருசம் எட்டு விடும். அதே எடத்துல, அதே கம்பியப் பாத்து. அது நம்மளத் திட்டவுமில்ல, கும்பிடவுமில்ல சார். நம்ம வேலைய நம்ம பாக்குறோம். அதோட வேலைய அது பாக்குது. எனக்குத்தான் ஏற முடியல.”

சொல்லிவிட்டு மறுபடி ஏறினான். வலது கால் முதலில்.

வீரபத்திரன் அண்ணாந்து பார்த்தார். கருத்துக் காய்ந்த வெட்டுக்காயத்தின் ஓரத்தில் நாலு கொம்பு, விரல் கனத்தில், மினுமினுவென்று. அவற்றில் ஒன்று ஏற்கெனவே கம்பியைத் தொடப் பார்த்தது.

சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்தார். மரத்தில் வைத்தே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை இயற்கை மன்றம் மரத்தடியில் கூடியது. முப்பது பேர் இருக்கும். வீரபத்திரன் முதலில் ஒரு விஷயம் சொன்னார். பத்தொன்பது வருடம் இதை வெட்டச் சொன்னது நான் என்றார். ஒன்றிரண்டு பேர் நெளிந்தார்கள். பிறகு வாசித்தார். குரல் ஏறவில்லை. கைதட்டுக்கு இடம் விடவில்லை. ‘எதற்கு வந்தாய்’ என்ற இடத்தில் ஒரு பஸ் போயிற்று. காத்திருந்து, மேலே வாசித்தார்.

எதற்கு வந்தாய்?

ஒன்று எடுத்த இடத்தில்
நாலு வைத்திருக்கிறேன்.

எப்போது ஏறச் சொல்வாய்?

நகல் எல்லார் கையிலும் இருந்தது. பேனாவும் சிலர் பையில் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மரத்தில் சாய்ந்து நின்ற லியாகத் அலி, எதற்கோ, முதுகை மெல்ல விலக்கிக்கொண்டார். வினாடி வினா நடக்கவில்லை.

எல்லாரும் கலைந்தபின் சகாயராணி ரோட்டைக் கடந்து வந்தாள். கடையைப் பூட்டியிருந்தாள். நகலை வாங்கிக் கடைசி மூன்று வரியை மட்டும் படித்தாள். மறுபடி படித்தாள்.

“இது உங்களுக்கு வராது.”

“வரலை” என்றார் வீரபத்திரன்.

“எனக்கும் வராது. யார் போட்டது?”

இருபத்தாறு வருடப் பழக்கம். நாங்கள் என்று வாயில் வந்துவிட்டது. அதை விழுங்கினார். நான் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தார்.

“வயர்மேன் கோட்டைச்சாமி” என்றார்.